வந்தவங்க கைக்கு ஒரு பொம்மை



ஆடி பிறந்துவிட்டால் கொலு பொம்மை விற்கிறவர்களின் விலைப்பட்டியல் வீடு தேடி வர ஆரம்பித்துவிடும். முன்பு அச்சடித்த நோட்டீஸாக வந்தது, இப்போது வாட்ஸ்-அப்பில் படத்தோடு வருகிறது. ஆனால் வாசகம் மட்டும் மாறவில்லை. "கண்ணைக் கவரும் கலைநயம் மிக்க பொம்மைகள், மலிவான விலையில்!" அவ்வளவுதான். எத்தனை அங்குலம், மண்ணா காகிதக் கூழா, கை தவறினால் உடையுமா என்று ஒரு வார்த்தை இருக்காது. சொந்தக் கொலுவுக்கு வாங்குகிறவர்கள் கடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வருகிறவர்களுக்குக் கொடுக்க மூன்று டஜன் வாங்குகிறவர்கள் பட்டியலை நம்பித்தானே ஆர்டர் கொடுக்கிறார்கள்?

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிக்குப் பக்கத்துச் சந்தில், நவராத்திரி சமயத்தில் மட்டும் பொம்மை விற்கும் ஓர் அக்காவுக்கு மூன்று வருஷமாகப் பட்டியல் எழுதிக் கொடுப்பது நான்தான். தசாவதாரம், கல்யாண செட் எல்லாம் அவரிடம் உண்டு. ஆனாலும் அவருக்குக் கை கொடுப்பது வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற சின்ன பொம்மைகள்தான். அந்தப் பக்கத்தை எழுதும்போது தெரிந்துகொண்ட சில விஷயங்கள் வாங்குகிற உங்களுக்கும் உதவும், வீட்டிலிருந்தபடி பொம்மை விற்கிற சகோதரிகளுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உயரம் மட்டும் போதாது

கொலு வைக்கிற வீடுகளில் வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் நாம் கொடுக்கிற பொம்மை, வாங்கிக்கொள்கிறவர் வீட்டுப் படிக்குத்தான் போகும். அவர் வீட்டுப் படிகளோ ஏற்கெனவே நிறைந்திருக்கும். அங்கே எட்டு அங்குலப் பொம்மையைக் கொண்டுபோய் வைத்தால் பின்னால் இருக்கிற பெருமாள் மறைந்துவிடுவார். மூன்று முதல் நாலு அங்குலம் என்றால் பெரிய பொம்மைகளுக்கு முன்னால், படியின் ஓரத்தில், யாரையும் மறைக்காமல் நிற்கும்.

உயரத்தோடு அடிப்பாகத்தின் அகலத்தையும் எழுத வேண்டும் என்பது அக்கா சொல்லிக் கொடுத்தது. நாலு அங்குல உயரப் பொம்மைக்கு அடி ஒரு அங்குலம்தான் என்றால், படியில் விரித்த வேட்டியை யாராவது லேசாக இழுத்தாலே சாய்ந்துவிடும். இரண்டு அங்குலமாவது இருந்தால் நிற்கும். பட்டியலில் அடி அகலம் போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். படத்தில் எல்லாப் பொம்மையும் ஒரே உயரமாகத்தான் தெரியும்.

எதில் செய்தது?

சின்ன பொம்மைகள் பெரும்பாலும் மூன்று வகை. சுட்ட மண், காகிதக் கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். வர்ணம் பூசிவிட்டால் மேலே பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் அநேகமாக வர்ணம் இருக்காது. சிவப்பாகத் தெரிந்தால் மண். வெள்ளையாக இருந்து, விரலால் தேய்த்தால் மாவு ஒட்டினால் பிளாஸ்டர். சாம்பல் நிறமாக, கையில் எடுத்தால் எடையே இல்லாமல் இருந்தால் காகிதக் கூழ்.

மண் பொம்மையை அச்சில் முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியாக அழுத்தி எடுத்து ஒட்டுகிறார்கள். உள்ளே கூடாக இருக்கும், அடியில் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைக் குறை என்று நினைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் சூளையில் உள்ளே இருக்கிற காற்றும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் பொம்மை வெடித்துவிடும். நன்றாக வெந்த மண் பொம்மையை நகத்தால் சுண்டினால் கணீரென்று சத்தம் வரும். மந்தமாகச் சத்தம் வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது, அல்லது சரியாக வேகவில்லை. கீறலை வர்ணம் மூடிவிடும், சத்தத்தை மூட முடியாது.

காகிதக் கூழ் பொம்மை குழந்தை கையிலிருந்து விழுந்தால் உடையாது. ஆனால் தண்ணீர் ஆகாது. ஈரத்துணியால் துடைத்தாலோ, மழைக்காலத்தில் ஈரச் சுவர் ஓரம் வைத்தாலோ ஊறிப் பூஞ்சை பிடித்துவிடும். பிளாஸ்டர் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் முனைகள் எளிதில் பெயர்ந்துவிடும். மேலும் அதுவும் சரி, சுட்ட மண்ணும் சரி, தண்ணீரில் பச்சை மண்ணைப் போலக் கரையாது. உடைந்து போனால் குளத்தில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் பட்டியலில் ஒவ்வொரு பொம்மைக்கும் பக்கத்தில் எதில் செய்தது என்று ஒரு வார்த்தை கட்டாயம் உண்டு.

தேங்காயோடு சேராது

தாம்பூலப் பையில் என்னவெல்லாம் இருக்கும்? வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், ரவிக்கைத் துணி, சுண்டல் பொட்டலம், அதோடு ஒரு தேங்காய். அந்தத் தேங்காய்தான் பொம்மைக்கு எமன். வருகிறவர் நம் வீட்டிலிருந்து இன்னும் மூன்று வீடு போவார். பை நிறையத் தேங்காய் உருளும். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கிருஷ்ணனின் புல்லாங்குழல் போயிருக்கும்.

ஆகவே கொடுக்கிறதற்கென்று தேர்ந்தெடுக்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் இல்லாத பொம்மையாகப் பார்க்க வேண்டும். தும்பிக்கை மார்போடு ஒட்டிய யானை, உட்கார்ந்த அம்மன், சிறகு மூடிய கிளி இவை தாங்கும். வேல் பிடித்த முருகன், நடனமாடும் நடராஜர் தாங்காது. அவர்களைச் சொந்தக் கொலுவுக்கு வைத்துக்கொள்ளலாம். எங்கள் அக்கா ஒவ்வொரு சின்ன பொம்மையையும் தனி அட்டைப் பெட்டியில், வைக்கோல் சுற்றிக் கொடுக்கிறார். பெட்டிக்கு ஆகும் செலவை விலையில் சேர்த்தே போட்டுவிடுகிறோம். "பொம்மையைப் பையில் போடாமல் கையில் கொடுங்கள்" என்ற வரியையும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.

ஒரே தெருவுக்கு ஒரே பொம்மையா?

ஒரே பொம்மையில் மூன்று டஜன் வாங்கினால் விலை கொஞ்சம் குறையும். ஆனால் நம் வீட்டுக்கு வருகிறவர்கள் யார்? அதே தெருக்காரர்கள். அவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகிறவர்கள். அடுத்த வருஷம் எந்த வீட்டுக் கொலுவைப் பார்த்தாலும் அதே பச்சைக் கிளி உட்கார்ந்திருக்கும்!

சரி, வேறு வேறாகக் கொடுக்கலாம் என்றால், "அவளுக்குப் பெரிய யானை, எனக்கு மட்டும் குட்டிக் கிளியா?" என்ற பேச்சு வரும். நம்ம ஊர்ப் பெண்களை நமக்குத் தெரியாதா என்ன! இதற்குத்தான் 'கலந்த டஜன்' என்று ஒன்றைப் போட்டோம். ஆறு வகை, வகைக்கு இரண்டு. எல்லாம் ஒரே உயரம், ஒரே விலை, ஒரே மாதிரிப் பெட்டி. உருவம் மட்டும்தான் வேறு. இப்போது அக்காவிடம் அதிகம் போவது இதுதான்.

ஆறு வகையும் என்னென்ன என்று முடிவு செய்ய எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. திருக்கோகர்ணம் பிரகதாம்பாளை விட்டுவிட்டுப் புதுக்கோட்டையில் பட்டியல் போட முடியுமா? இந்தச் சமஸ்தானத்தில் தொண்டைமான் மன்னர்கள் அடித்த அம்மன் காசில் ஒரு பக்கம் அந்த அம்மன் உருவமும், மறுபக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்தும் இருக்கும். ஓர் அணாவுக்கு இருபது காசு என்ற அளவுக்குச் சின்னச் செப்புக்காசு. நவராத்திரி சமயத்தில் அரிசியோடு அந்தக் காசையும் வைத்துத் தானம் கொடுத்தார்கள். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஆனாலும் அரைக்காசு அம்மன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. எதையாவது தொலைத்துவிட்டால் இன்றும் அந்த அம்மனுக்குத்தான் வெல்லம் வேண்டிக்கொள்கிறோம். நவராத்திரியில் கை நிறையக் கொடுக்காவிட்டாலும் அம்மன் உருவத்தில் சின்னதாக ஒன்று கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. அதையே பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

இன்னொன்று குதிரை. இந்த மாவட்டத்தில் ஐயனார் கோயில் என்றால் குதிரை இல்லாமல் இருக்காது. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலில் மாசி மகத்துக்கு அந்தப் பெரிய குதிரைக்குச் சாத்துகிற காகித மாலைகளைப் பார்த்திருப்பீர்கள். வெளியூரிலிருந்து வருகிற நாத்தனார், சம்பந்தி வீட்டார் கைக்குக் கொடுக்க இதைவிட நம்ம ஊர் அடையாளம் எது? சின்ன குதிரைக்குக் கால் உடையும் என்று அக்கா பயந்தார். நாலு கால்களுக்கும் நடுவில் மண் அடைத்து, அடியோடு ஒட்டினாற்போலச் செய்து தரச் சொன்னோம். வர்ணம் பூசவில்லை, சுட்ட மண் நிறமே அழகாக இருக்கிறது.

யாருக்கு என்ற வரி

முதல் வருஷம் அக்கா ஒரு பழைய நோட்டீஸைக் கொடுத்து, "இதைப் பாத்தே எழுதிடும்மா" என்றார். அதில், "சுமங்கலிகளுக்கு வழங்க ஏற்ற மங்களப் பரிசு" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் தவறிப் பதினோரு வருஷம் ஆகிறது.

"அக்கா, இந்த வரி வேணுமா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான போடுறாங்க. போடலேன்னா வாங்குறவங்க யோசிப்பாங்கம்மா."

கொஞ்ச நேரம் பெட்டிக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே சொன்னார். "போன வருஷம் ஒரு வீட்டுக்கு மூணு டஜன் கொண்டுபோய்க் குடுத்தேன். உள்ள பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. நடையிலயே கணக்கைத் தீர்த்து அனுப்பிட்டாங்க. தப்பா ஒரு வார்த்தை சொல்லலம்மா. ஆனா வந்தவங்களுக்கெல்லாம் குடுக்கத்தான வாங்குறாங்க? நானும் அந்த வீட்டுக்கு வந்தவதான?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அக்காவே பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு வந்தவங்க எல்லாருக்கும்னு போடு" என்றார்.

குங்குமம் யாருக்கு, தாம்பூலம் யாருக்கு என்பது அவரவர் வீட்டு வழக்கம். அதில் ஒரு விலைப்பட்டியல் தலையிட முடியாது. ஆனால் பொம்மைக்கு அப்படி ஒரு விதி யாரும் எழுதி வைக்கவில்லையே! அதை மாமியார் வீட்டுப் பாட்டிக்கும் கொடுக்கலாம், பத்துப் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கும் கொடுக்கலாம், பக்கத்து வீட்டு பாத்திமாவுக்கும் கொடுக்கலாம். சாமி உருவம் வேண்டாம் என்கிறவர்களுக்குத்தான் யானையும் கிளியும் குதிரையும் இருக்கின்றனவே. அந்த வருஷம் வாடிக்கைக்கார மாமி ஒருவர் மட்டும் ஃபோன் செய்து, "அந்தப் பழைய வரி எங்கே?" என்று கேட்டார். அக்கா விளக்கிச் சொன்னார். மாமி வழக்கமாக வாங்குகிற இரண்டு டஜனோடு இன்னும் ஆறு சேர்த்துக் கேட்டார். யாருக்கு என்று அக்கா கேட்கவில்லை.

பட்டியல் இதுதான்

இப்போது எங்கள் பட்டியலில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது:

"கொலுவுக்கு வருகிற எல்லோருக்கும் கொடுக்க: கலந்த டஜன். ஆறு வகை, வகைக்கு 2. எல்லாம் 4 அங்குல உயரம், அடி 2 அங்குலம். தனித்தனிப் பெட்டியில்.

அரைக்காசு அம்மன்: சுட்ட மண், அமர்ந்த கோலம். நவராத்திரியில் அம்மன் காசு கொடுத்த ஊரின் நினைவாக.

பிள்ளையார்: சுட்ட மண். தும்பிக்கை உடலோடு ஒட்டியது.

கலசம்: சுட்ட மண். தேங்காயும் மாவிலையும் சேர்ந்தே வார்த்தது, தனியே கழலாது.

ஐயனார் குதிரை: சுட்ட மண், வர்ணம் பூசாதது.

யானை, கிளி: காகிதக் கூழ். குழந்தைகள் கையில் கொடுக்கலாம். நனைக்கக் கூடாது.

உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கவும். பொம்மையைத் தேங்காய்ப் பையில் போடாமல் கையில் கொடுக்கவும். ஆவணி 15-க்குள் சொல்லவும்."

ஆவணி 15 ஏன் என்று பலர் கேட்கிறார்கள். மண் பொம்மை நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகுதான் சூளைக்குப் போக வேண்டும். வெந்து ஆறிய பிறகு வெள்ளை அடித்து, அது காய்ந்து, வர்ணம் பூசி, கடைசியில் கண் எழுத வேண்டும். புரட்டாசியில் நம் பக்கம் மழை தலைகாட்டிவிட்டால் ஒவ்வொன்றும் காய இரட்டிப்பு நாள் ஆகும். அவசரப்படுத்தி வாங்கினால் ஈரத்தின் மேலேயே வர்ணம் ஏறும். கொலு முடிவதற்குள் கொப்புளம் கிளம்பி உரிந்து வரும். கடைசி நேரத்தில் வாங்குவதானால், கன்னத்திலும் முதுகிலும் விரல் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ பிசுபிசுத்தாலோ அது இன்னும் காயவில்லை.

எத்தனை வாங்குவது?

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒன்பது நாளும் சேர்த்து 36 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் கொலு வைக்கிறவர்கள் 15, வைக்காதவர்கள் 12, குழந்தைகள் 9. கலந்த டஜன் மூன்று வாங்கினால் ஆறு வகையிலும் வகைக்கு 6 கிடைக்கும். அம்மன், பிள்ளையார், கலசம் சேர்ந்து 18. அதில் 15 கொலு வைக்கிறவர்களுக்கு, 3 மீதி. யானையும் கிளியும் 12. அதில் 9 குழந்தைகளுக்கு, 3 மீதி. குதிரை 6. இந்த ஆறு குதிரையும், மீதி ஆறும் சேர்ந்தால் கொலு வைக்காத 12 பேருக்குச் சரியாகிவிடும். அவர்கள் அலமாரியிலோ டிவி மேஜையிலோ வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் கணக்கு இவ்வளவு சரியாக இருந்தால் போதாது. கட்டாயம் ஒன்றிரண்டு உடையும். அதோடு, கூப்பிடாமல் வருகிறவர்களும் உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரோடு அவர் பெண் குழந்தை வந்து வாசலில் நின்று படியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூக்காரம்மா வருவார். அதனால் டஜனுக்கு ஒன்று வீதம் கூடுதலாக வாங்கிவையுங்கள். மூன்று டஜனுக்கு மூன்று. அந்த மூன்றையும் ஆள் பெயர் போட்டு ஒதுக்காமல் வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பொம்மை கொண்டுவந்து கொடுக்கிறவர் பெட்டிகளை இறக்கி வைத்ததும், முதல் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றதை எண்ணுங்கள்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை